23 விநாடி வீடியோவும் எங்கள் தெருக் குரூப்பின் விதிப் பதிவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்புறநகரில் நான்கு தெருக்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அதன் மூன்று அட்மின்களில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும், தெருக்களின் பெயரும் இதில் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

## பின்னணி

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஆரம்பித்த குரூப் இது. யார் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்று கேட்கக்கூட ஒரு இடம் இல்லாமல் அந்த நாலு நாள் பட்ட பாட்டில் பிறந்தது. 2024 தொடக்கத்தில் சுமார் 190 வீடுகளிலிருந்து 312 பேர் இருந்தார்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், கரண்ட் ஏன் போனது, குப்பை வண்டி வந்ததா, நல்ல எலெக்ட்ரீஷியன் யார் என்பதுதான் அன்றாடப் பேச்சு.

விதிகள் இல்லாமல் இல்லை. 2022இல் நாங்களே எழுதிய பதிவு ஒன்று இருந்தது. அதில் 14 விதிகள். அரசியல் கூடாது, மதம் கூடாது, காலை வணக்கப் படங்கள் கூடாது, சீட்டு பிடிப்பது, கடன் ஆப், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரம் எதுவும் கூடாது. இரட்டை அம்புக்குறியோடு வரும் மெசேஜை இங்கே போடக்கூடாது என்பதும் அதில் ஒன்று. ஒரு மெசேஜ் பல கை மாறி வந்திருந்தால் வாட்ஸ்அப் அதன் மேல் அந்தக் குறியைக் காட்டும், ஒரு முறைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப விடும். இந்த விதியை எழுதியபோது வதந்திக்குக் கதவை மூடிவிட்டோம் என்றே நினைத்தோம்.

அந்த 14 விதிகளையும் இப்போது படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. எல்லாமே வெளியிலிருந்து உள்ளே வரும் குப்பையைத் தடுப்பதற்காக எழுதியவை. நம் தெருவிலேயே எடுத்து, நாமே போட்டு, இங்கிருந்து வெளியே போகும் ஒன்றைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

## அந்த வியாழக்கிழமை மாலை

2024 பிப்ரவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் குழந்தைக் கடத்தல் வதந்தி பலமாக ஓடியது. போலீஸ் மறுப்பு வெளியிட்டும் பயம் அடங்கவில்லை. எங்கள் குரூப்பிலும் தினமும் யாராவது ஒருவர் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை இரவு 8:24க்கு, இரண்டாவது தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் வீட்டு வாசல் கேமராவில் பதிவானதைப் போட்டார். 23 விநாடி வீடியோ. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண், தோளில் பெரிய பை, பக்கத்தில் ஏழெட்டு வயதுக் குழந்தை. அந்தப் பெண் பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுக்கிறார், குழந்தை வாங்கிக்கொள்கிறது, இருவரும் சேர்ந்து நடந்து திரையை விட்டுப் போகிறார்கள். கீழே ஒரே வரி: "கவனம். நம்ம தெருவுல. இந்த லேடி யாருன்னு தெரியுமா?"

கேட்டது கேள்விதான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 8:31க்கு ஒருவர், "நேத்து ராத்திரி 9:10, டைம் பாருங்க" என்றார். அதற்கப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு எந்தப் பெண் யார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவாள்? பக்கத்து நகரிலும் இதே மாதிரி ஒருத்தி வந்தாளாம் என்று ஒருவர். பிஸ்கட்டில் மயக்க மருந்து வைக்கிறார்கள் என்று இன்னொருவர். 8:40க்குள் ஐந்தாறு பேர் தாங்கள் வேறு குரூப்களில் போட்டுவிட்டதாக எழுதினார்கள், உதவி செய்த நினைப்பில்.

8:51க்கு ஓர் ஆசிரியை மட்டும் தடுத்துப் பார்த்தார். "போளூர் பக்கத்துல 2018ல என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? முதல்ல அந்தக் குழந்தை வீட்டுல கேளுங்க." அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். ஆசிரியையின் மெசேஜ் மேலே தள்ளப்பட்டு மறைய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அட்மின்கள் மூன்று பேரில் ஒருவர் அப்போது ரயிலில் இருந்தார், ஒருவர் தூங்கிவிட்டார். நான் 9:20க்குத்தான் பார்த்தேன். பார்த்ததும் நீக்கவும் இல்லை. "உறுதி செய்யாமல் பரப்ப வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, நாளைக் காலையில் விசாரிக்கலாம் என்று இருந்துவிட்டேன். இந்த நிகழ்வில் நான் செய்த தவறு அதுதான்.

## உண்மையில் நடந்தது

குழந்தையின் அம்மா வேலைக்குப் போகிறவர். குரூப்பை மியூட் செய்து வைத்திருந்தார். இரவு பத்தேகாலுக்கு அவர் எனக்கே போன் செய்தார். "சார், அது எங்க வீட்டுல சமைக்கிற அக்கா. ட்யூஷன்ல இருந்து பாப்பாவைக் கூட்டிட்டு வந்தாங்க. தினமும் அவங்கதான் கூட்டிட்டு வருவாங்க."

அப்படியானால் 9:10? நடந்தது அன்று மாலை 6:40க்கு. பெரியவர் வீட்டுக் கேமராவின் பதிவுப் பெட்டி வாங்கியபோது இருந்த நேர அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதாவது சீன நேரம். நம் நேரத்துக்கும் அதற்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். 6:40 அதில் 9:10 ஆகிவிடும். பிப்ரவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்ததும் கேமரா இரவுப் பார்வைக்கு மாறிப் படம் கறுப்பு வெள்ளை ஆனதால், பார்ப்பவர் கண்ணுக்கு நடுராத்திரி போலவே இருந்தது.

வீடியோ குரூப்புக்கு வந்ததே 8:24க்கு. அதில் தெரிந்த நேரம் 9:10. அந்த நேரம் இன்னும் வரவே இல்லை என்பது 312 பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பெரியவர் டிவி திரையைத் தன் போனால் படம் பிடித்திருந்தார். அதில் தேதி இருந்த மூலை வெட்டுப்பட்டதால், "நேற்று" என்று எல்லோரும் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தையை அடையாளம் தெரிந்தவர்கள் இருபது பேராவது குரூப்பில் உண்டு. குழந்தையின் முகத்தைப் பார்த்தும் அந்த வீட்டுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தப் பெண் மேலேயே இருந்தது.

10:20க்கு வீடியோவை நீக்கினேன். நீக்கியது எங்கள் குரூப்பிலிருந்து மட்டும்தான். ஃபார்வர்டு ஆன பிரதியையோ, ஒருவர் தன் போனில் தனியாக எடுத்து வைத்ததையோ அட்மின் தொட முடியாது. அடுத்த நாள் கணக்குப் பார்த்தபோது, எங்களுக்குத் தெரிந்தே 11 குரூப்களுக்குப் போயிருந்தது.

## மறுநாள் காலை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பெண் வழக்கம்போல வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மெயின் ரோடு திருப்பத்தில் பக்கத்து நகரைச் சேர்ந்த நான்கைந்து இளைஞர்கள் அவரை நிறுத்தினார்கள். அவர்கள் எங்கள் குரூப்பில் இல்லை, எங்கள் யாரையும் அறியாதவர்கள். அவர்கள் கையில் வீடியோ இருந்தது, அதே பை அவர் தோளில் இருந்தது. போனைப் பிடுங்கினார்கள். பையைத் தரையில் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா, மாற்றுப் புடவை, பாதி பிரித்த பிஸ்கட் பாக்கெட். அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் கூடியது.

டீக்கடை வைத்திருக்கும் அம்மா அவரை அடையாளம் தெரிந்து குறுக்கே வந்து நின்றார். "நாலு வருஷமா தினம் என் கடையில டீ குடிக்கிற பொண்ணுடா இது" என்று சத்தம் போட்டு, கடையில் நின்ற ஆட்டோக்காரரை விட்டு 112க்குப் போன் செய்ய வைத்தார். ரோந்து வண்டி வருவதற்குள் சுமார் 40 நிமிடம். மணிக்கட்டில் வீக்கம் தவிர வேறு காயம் இல்லை. டீக்கடை அம்மா அன்று கடை திறக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் புகார் கொடுக்க விரும்பவில்லை. "எனக்கு வேலைக்குப் போகணும் சார், ஸ்டேஷனுக்கு அலைய முடியாது" என்றார். ஆனால் எங்கள் தெருவுக்கு அதற்கப்புறம் அவர் வேலைக்கு வரவே இல்லை.

## முதல் முடிவுகளும் அவற்றின் விளைவும்

அன்று மதியமே இரண்டு முடிவுகள் எடுத்தோம். இரண்டும் அவசரத்தில் எடுத்தவை, இரண்டுமே தவறாகப் போயின.

ஒன்று, மறுப்புச் செய்தி. வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்து அதன் மேல் சிவப்பில் "தவறான செய்தி" என்று எழுதி, தெரிந்த குரூப்களுக்கெல்லாம் அனுப்பினோம். அனுப்ப முடிந்தது நான்கு குரூப்களுக்குத்தான். மற்ற ஏழிலும் எங்களுக்கு ஆள் இல்லை. அதைவிட மோசம், இரண்டு நாள் கழித்து அதே படம் சிவப்பு எழுத்து வெட்டப்பட்டு வேறொரு குரூப்பில் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நாங்களே இன்னொரு சுற்று அனுப்பி வைத்திருந்தோம். மறுப்பில் படம் இருக்கவே கூடாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம். "இந்த நாள், இந்தத் தெரு, பை வைத்திருந்த பெண் என்று வந்த வீடியோ தவறு. அவர் அந்தக் குழந்தையின் வீட்டில் வேலை செய்பவர். வைத்திருந்தால் அழித்துவிடுங்கள்" என்று எழுத்தில் மட்டும் அனுப்பியிருந்தால் போதும்.

இரண்டு, அட்மின்கள் மட்டுமே மெசேஜ் போட முடியும் என்று குரூப்பை மாற்றினோம். ஒன்பது நாள் அப்படி இருந்தது. முதல் இரண்டு நாள் நிம்மதியாகத்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் தண்ணீர் லாரி ஒரு தெருவை விட்டுவிட்டுப் போனது, யாருக்கும் தெரியவில்லை. அட்மினுக்கு எழுதி, அவர் பார்த்து, குரூப்பில் போடுவதற்குள் லாரி அடுத்த நகரில் இருந்தது. ஆறாவது நாள் மூன்றாவது தெருக்காரர்கள் தனியாக ஒரு குரூப் தொடங்கிவிட்டார்கள். அதில் 80 பேர், விதி எதுவும் கிடையாது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. வாயைக் கட்டினால் பேச்சு எங்கள் கண்ணுக்குப் படாத இடத்துக்குப் போகும் என்று புரிந்ததும் பூட்டைத் திறந்தோம்.

பெரியவரைக் குரூப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் நீக்கவில்லை. அவர் கேட்டது கேள்வி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு அதைக் கேட்க வேறு வழி இருக்கிறது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லித் தந்ததில்லை. அவர் வீட்டுக்கு நேரில் போனோம். எங்களைப் பார்த்ததுமே அழுதார். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்க வேண்டும் என்றார். குழந்தையின் அம்மா மூலம் கேட்டுப் பார்த்தோம். அந்தப் பெண் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று பதில் வந்தது. அதை மீறிப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அட்மின் மேல் வழக்கு வருமா என்ற பயமும் எங்களுக்குள் இருந்தது. உறுப்பினராக இருக்கும் ஒரு வழக்கறிஞர் விளக்கினார். குரூப்பின் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, இன்னொருவர் போட்டதற்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் எடுத்திருக்கின்றன. போட்டவரும் பரப்பியவரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். அந்தப் பேச்சு எங்களுக்குத் தெம்பு தந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்குப் பயத்தில் விதி எழுதுவது என்ற எண்ணத்தை அது நிறுத்தியது. 2022 பதிவை ஓரளவு அந்தப் பயத்தில்தான் எழுதியிருந்தோம்.

## புதிய விதிப் பதிவு

மார்ச் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு வீட்டு மாடியில் இருபது பேர் உட்கார்ந்து எழுதினோம். 14 விதிகளை ஏழாகக் குறைத்தோம். மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவு இதுதான்:

> இங்கே என்ன போடலாம், என்ன போடக்கூடாது
>
> 1. தண்ணீர், கரண்ட், குப்பை, ரோடு, மழை, ஆஸ்பத்திரி அவசரம், தெரு வேலை எதையும் தயங்காமல் போடுங்கள். விற்பனை ஞாயிறு மட்டும். அரசியல், மதம் வேண்டாம்.
>
> 2. ஒருவரின் முகம் தெரியும் படம், வீடியோவை அவர் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது. சந்தேகப்படும் ஆள் என்றாலும் கூடாது. கேமரா பதிவு போலீஸுக்கும், சம்பந்தப்பட்ட வீட்டுக்கும் மட்டும்.
>
> 3. குழந்தைகளின் முகம், பள்ளி, ட்யூஷன், வந்து போகும் நேரம் எதுவும் கூடாது. குழந்தை காணவில்லை என்றால் பெற்றோர் மட்டும் போடலாம். உடனே 112, 1098.
>
> 4. எச்சரிக்கை எழுதினால் மூன்றும் இருக்க வேண்டும்: யார் நேரில் பார்த்தது, எந்த இடம், எத்தனை மணி. "சொன்னாங்க" என்றால் போடாதீர்கள், அட்மினுக்குப் போன் செய்யுங்கள்.
>
> 5. இங்கே வருவது இங்கேயே இருக்கட்டும். "வெளியே அனுப்பலாம்" என்று எழுதியிருந்தால் மட்டும் அனுப்புங்கள்.
>
> 6. வீட்டு வேலை செய்பவர், வாட்ச்மேன், ப்ளம்பர், யாருடைய நம்பரும் அவரைக் கேட்காமல் கூடாது. அவர்களைப் பற்றிய புகாரும் இங்கே கூடாது.
>
> 7. ரத்தம் தேவை, காணவில்லை, வழி அடைப்பு போன்றவை முடிந்ததும், போட்டவரே "முடிந்தது" என்று எழுதிவிட்டு நீக்க வேண்டும்.
>
> மீறினால் முதலில் மெசேஜ் நீக்கப்படும், அப்புறம் அட்மின் போனில் பேசுவார். யாரையும் குரூப்பில் வைத்துக் கண்டிக்க மாட்டோம்.

ஒவ்வொரு விதிக்கும் விவாதம் நடந்தது. மிக நீளமாகப் போனது இரண்டாவது. "திருடன் முகத்தைக் காட்டக் கூடாதென்றால் கேமரா எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு நியாயம் இருந்தது. நாங்கள் சொன்னது இதுதான். போலீஸ் அந்த வீடியோவைப் பார்க்கும்போது நேரத்தைச் சரிபார்ப்பார்கள், முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் 312 பேர் பார்த்தது 23 விநாடி. அதற்கு முந்தைய நிமிடத்தை ஓட்டியிருந்தால், அதே பெண் ட்யூஷன் வாசலில் குழந்தையின் புத்தகப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வது தெரிந்திருக்கும். பெரியவர் வீட்டுப் பெட்டியில் அது இருந்தது. அப்புறம் நாங்களே பார்த்தோம்.

நான்காவது விதி அந்த ஆசிரியை கொடுத்தது. உண்மையா பொய்யா என்று யோசிக்கச் சொன்னால் எல்லோருக்கும் தாங்கள் போடுவது உண்மையாகத்தான் தெரியும், அதனால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள் என்றார். யார் பார்த்தது என்ற கேள்விக்கு "நான்" என்றோ "தெரியாது" என்றோதான் பதில் வரும், நடுவில் ஒன்றும் இல்லை.

ஆறாவது விதியின் இரண்டாம் பாதியை வாக்கெடுப்பில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில்தான் சேர்க்க முடிந்தது. வேலை செய்பவர்கள் குரூப்பில் இல்லை, அவர்களைப் பற்றி எழுதினால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

விதிகளோடு மூன்று வேலைகளையும் செய்தோம். காலை ஏழு முதல் இரவு பத்து வரை யாராவது ஒரு அட்மின் பார்த்துக்கொண்டிருக்க முறை வைத்தோம். சந்தேகம் வந்தால் முதலில் நீக்குவது, சரி என்று தெரிந்தால் திரும்பப் போடச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். அப்புறம், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேமராப் பெட்டிகளின் நேரத்தைப் பார்த்தார்கள். 31 பெட்டிகளில் ஒன்பதில் நேரம் தவறு. அதில் நான்கு அதே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன.

## அதற்கப்புறம்

ஜூலையில் ஒரு பைக் திருடு போனது. கேமராவில் முகம் ஓரளவு தெரிந்தது. உரிமையாளர் விதியை மதித்துப் போலீஸிடம் மட்டும் கொடுத்தார். பதிவை எடுத்துப் போக இரண்டு நாள் ஆனது, பைக் கிடைக்கவில்லை. குரூப்பில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று அவர் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார். இல்லை என்று என்னால் அவரிடம் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நிகழ்வுக்குப் பின் இரண்டாவது விதியில் ஒரு வரி சேர்த்தோம்: திருடு போன வண்டியின் படம், நம்பர், போன திசை, ஆளின் உடை பற்றி எழுத்தில் விவரம் போடலாம், முகம் மட்டும் கூடாது. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி அழிவதற்குள் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தோம். சிறிய வட்டு உள்ள பெட்டியில் ஒரு வாரத்துக்குள்கூட அழிந்துவிடும்.

நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள். இங்கே காலையிலிருந்தே மழை. மாலை 5:12க்கு ஒரு தம்பி போட்டார்: "ஏரி உடைஞ்சிருச்சு, எல்லாரும் மாடிக்குப் போங்க." எங்கள் பகுதியில் அந்த வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்பது 2015ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 5:13க்கு அட்மின் முறையில் இருந்த அக்கா, "தம்பி, யார் பார்த்தது?" என்று மட்டும் கேட்டார். "மாமா பையன் அனுப்பினான் அக்கா." 5:18க்குத் தம்பியே நீக்கிவிட்டார்.

அதோடு முடியவில்லை, முடிந்திருந்தால் ஆபத்து. நீக்கியதால் ஏரி உடையாமல் போய்விடாது. அக்கா உடனே கரை அருகில் மாடி வீட்டில் இருப்பவருக்குப் போன் செய்தார். அவர் மொட்டை மாடி ஏறிப் பார்த்துவிட்டு 5:26க்கு எழுதினார்: "நான் பார்த்தேன், 5:25. கரை நல்லா இருக்கு. கலங்கல்ல தண்ணி போகுது. நாலாவது தெரு கடைசி வீடுகள் வண்டியை ஏத்திடுங்க." ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழிவதைத்தான் யாரோ உடைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. இரண்டிலும் தெருவுக்குத் தண்ணீர் வரும். ஆனால் கலங்கல் தண்ணீர் வரும் பாதை எங்களுக்குத் தெரியும், மெதுவாக ஏறும், வண்டியை நகர்த்த நேரம் இருக்கும். அன்று எட்டு வண்டிகளை நகர்த்தினோம். யாரும் பயந்து ஓடவில்லை.

ஏழாவது விதிதான் இன்றுவரை சரியாக ஓடவில்லை. மறதி உள்ள தாத்தா ஒருவரைக் காணவில்லை என்று அவர் மகன் படத்தோடு போட்டார். மூன்று மணி நேரத்தில் கிடைத்துவிட்டார். நீக்க மறந்துவிட்டார்கள். பல வாரம் கழித்து வேறு பகுதியிலிருந்து அந்த வீட்டுக்கு, தாத்தாவைப் பார்த்ததாகவும் பணம் அனுப்பினால் கூட்டி வருவதாகவும் ஒரு போன் வந்தது. தாத்தா அப்போது வாசலில் உட்கார்ந்திருந்தார். அட்மின் மற்றவர் மெசேஜையும் நீக்கலாம். போட்டவர் எல்லோருக்குமாக நீக்க சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம். அதனால் இப்போது இந்த வகை மெசேஜ் எல்லாவற்றையும் அட்மின்களே ஒரு நோட்டில் குறித்து, மறுநாள் கேட்டு நீக்குகிறோம்.

## மாற்ற வேண்டியவை

அன்று இரவு 9:20க்கு நான் அந்த வீடியோவை நீக்கியிருக்க வேண்டும். விசாரித்துவிட்டு நீக்கலாம் என்று நினைத்தது அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தது. பக்கத்து நகரின் குரூப்புக்கு வீடியோ போனது 9:45க்கு என்று பின்னால் தெரிந்தது.

பக்கத்து நகர்களின் அட்மின்களோடு எங்களுக்கு அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது ஆறு குரூப்களின் அட்மின்கள் நம்பர் எங்களிடம் இருக்கிறது. மறுப்பு அனுப்ப வேண்டியிருந்தால் எழுத்தில் மட்டும், அவர்கள் மூலம் மட்டும்.

வீட்டு வேலை செய்பவர்களும் வாட்ச்மேன்களும் குரூப்புக்குள் வர வேண்டும் என்று கேட்டுப் பார்த்தோம். மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். தங்கள் நம்பர் 300 பேர் கண்ணில் படும் என்பது அவர்களுக்குத் தயக்கம், அதில் தப்பில்லை. அதற்குப் பதிலாக, டீக்கடை அம்மாவைக் கேட்டு அவர் சம்மதத்தோடு அட்மின்கள் மூவரும் அவர் நம்பரை வைத்திருக்கிறோம். தெருவில் யாரைப் பற்றியாவது சந்தேகம் வந்தால் முதலில் அவரைத்தான் கேட்கிறோம்.

2025 மார்ச்சில் உறுப்பினர் ஒருவர் தனக்கு உறவினரிடமிருந்து வந்ததாக ஒரு வீடியோவை அட்மினுக்கு மட்டும் அனுப்பினார். அதே 23 விநாடி, அதே பை. வேறு மாவட்டத்து ஊர்ப் பெயர் போட்டிருந்தது. மேலே இரட்டை அம்புக்குறி. அது எங்கள் தெரு என்றும் அந்தப் பெண் யார் என்றும் உறவினருக்கு எழுதச் சொன்னோம், எழுதினார். அதற்கு அந்தப் பக்கம் யார் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களிடம் வழி இல்லை.